மூன்று கோடு வந்துவிட்டது, மூன்று வகை மனிதர்கள் இருக்கிறார்களா? வளர்ச்சிக் கலவை மாடலில் பிழை தேடும் வழி

கோலாலம்பூரில் உளவியலிலும் பொதுச் சுகாதாரத்திலும் முதுகலை ஆய்வு செய்யும் மாணவர்களுக்குப் புள்ளியியல் பக்கம் கைகொடுப்பது என் வேலை. அவர்கள் கொண்டுவரும் வரைபடம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மனச்சோர்வு மதிப்பெண் நேராக நிற்கிறது, ஐந்து மாத வருகை கிடையாக ஓடுகிறது, நடுவில் மூன்று அல்லது நான்கு வண்ணக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் வைத்திருப்பார்கள்: 'தாங்கிக்கொள்பவர்கள்', 'தேறியவர்கள்', 'தேறாதவர்கள்'. படம் அழகாகத்தான் இருக்கும். அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கித் தேடும்போதுதான் வேலை தொடங்குகிறது.

மாடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கலப்பு மாடலில் ஒரே ஒரு சராசரிக் கோடு உண்டு. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு தொடக்கமும் ஒரு சரிவும் இருக்கும். அவை அந்தச் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவியிருப்பதாக மாடல் எடுத்துக்கொள்ளும். வளர்ச்சிக் கலவை மாடலில் சராசரிக் கோடுகள் பல. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கோட்டைச் சேர்ந்தவர், ஆனால் எது என்று நமக்குத் தெரியாது. எந்தக் கோட்டுக்கு எவ்வளவு நிகழ்தகவு என்பதை மட்டும் மாடல் கணக்கிட்டுத் தரும். அந்தக் கோட்டைச் சேர்ந்தவர்களின் கூட்டத்தைத்தான் வகுப்பு என்கிறோம். வகுப்புக்குள்ளேயும் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கலாம். எவ்வளவு இருக்கலாம் என்பதை முடிவு செய்வது நாம். கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் கனமானவை அந்த முடிவிலிருந்து பிறப்பவை.

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனை ஆய்வு: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆலோசனை மையம், 240 பேர், மாதத்துக்கு ஒரு முறையாக ஐந்து முறை நிரப்பிய, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவம். அதில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 0 முதல் 27 வரை. ஆர் மென்பொருளில் `lcmm` தொகுப்பை வைத்துச் சொல்கிறேன். எம்பிளஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சிக்கல்கள் இவையேதான்.

## அறிகுறி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு விடை

"அண்ணே, நேத்து ராத்திரி மூணாவது வகுப்புல நாப்பது பேர் இருந்தாங்க. இன்னிக்கு அதே கமாண்டுதான், அதே தரவுதான், எம்பது பேர் வர்றாங்க."

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வகுப்பின் எண் மட்டும் மாறியிருந்தால் அது பிழையே இல்லை. நேற்று 1 என்று வந்த கோடு இன்று 3 என்று வரும். மாடலுக்கு எண்களில் பொருள் கிடையாது. `permut` கொண்டு வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

கோடுகளே மாறினால், ஆட்களின் எண்ணிக்கையே மாறினால், அது வேறு கதை. மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண் லாக் லைக்லிஹுட். கலவை மாடலில் அது பல மேடுகள் உள்ள பரப்பு. தேடலை எங்கிருந்து தொடங்குகிறோமோ அதற்கு அருகிலுள்ள மேட்டில் ஏறி நின்றுவிட்டு, இதுதான் உச்சி என்று மென்பொருள் சொல்லிவிடும். பல இடங்களிலிருந்து தொடங்கிப் பார்ப்பதுதான் வழி:

```r
library(lcmm)
m1 <- hlme(phq ~ t, random = ~ t, subject = "id",
           ng = 1, data = d)
set.seed(11)
m3 <- gridsearch(rep = 100, maxiter = 30, minit = m1,
        hlme(phq ~ t, mixture = ~ t, random = ~ t,
             subject = "id", ng = 3, data = d))
m3$conv
m3$loglik
```

நூறு வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து முப்பது படிகள் ஓட்டிப் பார்த்து, அவற்றில் சிறந்ததை மட்டும் கடைசிவரை கொண்டுபோகும். `conv` 1 என்று வரவேண்டும். 2 என்றால் படிகள் தீர்ந்துவிட்டன, விடை இன்னும் நிலைக்கவில்லை. ஆனால் `gridsearch` சிறந்த ஒன்றை மட்டுமே காட்டுவதால், அதே உச்சிக்கு மறுபடி போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. `set.seed` எண்ணை மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். லாக் லைக்லிஹுட் இரண்டு தசம இடம் வரை ஒத்துப்போனால் சரி. எம்பிளஸில் `STARTS = 500 100;` போலக் கொடுத்தால், கடைசிச் சுற்று விடைகளைப் பட்டியலாகவே காட்டிவிடும். மேலே உள்ள மதிப்பு பலமுறை திரும்ப வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

தொடக்கங்களை ஐந்நூறாக்கியும் விடை நிலைக்கவில்லை என்றால் இன்னும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். இந்தத் தரவில் இத்தனை வகுப்புகளைப் பிரித்தறிய வேண்டிய தகவல் இல்லை என்று மாடல் தன் மொழியில் சொல்கிறது. வகுப்பைக் குறையுங்கள்.

## அறிகுறி: மிகச் சிறிய வகுப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது

240 பேரில் ஏழு பேர் மட்டும் உள்ள வகுப்பு வந்தால், கோட்டைப் பார்க்குமுன் அந்த ஏழு பேரின் மூல மதிப்பெண்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 27-க்கு மேல் ஓர் எண் இருந்தால் அது தட்டச்சுப் பிழை. ஐந்து முறையும் சுழியம் போட்டவர்கள் மட்டுமே இருந்தால் அது வேறு சிக்கல். எஞ்சிய பிழையின் சிதறலையும் வகுப்புக்கு வகுப்பு மாறவிட்டிருந்தால், எல்லாரும் சுழியமாக உள்ள கூட்டத்தில் சிதறல் சுழியத்தை நோக்கிச் சுருங்கும், லைக்லிஹுட் வரம்பில்லாமல் ஏறும். மென்பொருள் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். எஞ்சிய பிழையை எல்லா வகுப்புக்கும் பொதுவாக்கினால் இந்த ஏற்றம் நின்றுவிடும். `hlme` எப்போதும் அப்படித்தான் செய்கிறது.

ஏழு பேரும் உண்மையிலேயே வேறு பாதையில் போகிறவர்கள் என்றால் அவர்களைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதலாம். ஏழு பேரை வைத்து வருமானம், பாலினம் என்று ஒப்பீட்டு அட்டவணை போடவேண்டாம்.

## அறிகுறி: வகுப்பைக் கூட்டக் கூட்ட BIC இறங்கிக்கொண்டே போகிறது

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். மாணவர்கள் இதைச் சிக்கலாகவே பார்ப்பதில்லை, நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாடல்களை ஒப்பிடும் எண் BIC, குறைவாக உள்ள மாடலே ஜெயிக்கும். அது என்ன கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். மேலே உள்ள மாடலில் ஒரு வகுப்பைக் கூட்டினால் மூன்று புது எண்கள் சேரும்: அந்த வகுப்பின் அளவு, தொடக்கம், சரிவு. 240 பேருக்கு ஒவ்வொரு எண்ணுக்குமான தண்டனை ln(240), அதாவது 5.48. மூன்றுக்கும் சேர்த்து 16.44. BIC-இல் லாக் லைக்லிஹுட் இரண்டால் பெருக்கப்படுவதால், அது 8.22-க்கு மேல் உயர்ந்தாலே போதும், புது வகுப்பு ஜெயித்துவிடும். தரவில் உண்மையான கூட்டங்கள் இருந்தாலும் உயரும். பரவல் மணி வடிவில் இல்லாவிட்டாலும் உயரும். இரண்டில் எதனால் உயர்ந்தது என்று BIC சொல்லாது.

பவர், கர்ரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியது இதைத்தான். ஒரே கூட்டத்திலிருந்து வந்த தரவாக இருந்தாலும், பரவல் மணி வடிவத்திலிருந்து விலகியிருந்தால் கலவை மாடல் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளைக் கேட்கும். வால் நீண்ட ஒரு பரவலை ஒரே மணியால் மூட முடியாது, இரண்டு மூன்று மணிகளை அடுக்கினால் மூடிவிடலாம். அப்படி அடுக்கிய மணிகளைத்தான் நாம் மனிதக் கூட்டங்கள் என்று வாசித்துவிடுகிறோம்.

நீங்களே செய்து பார்க்கலாம். கீழே உள்ள தரவில் கூட்டம் என்று எதுவுமே இல்லை. 240 பேருக்கும் ஒரே விதி. தொடக்க நிலை மட்டும் வலப்பக்கம் வால் நீண்ட பரவலிலிருந்து வருகிறது, அதிகமாகத் தொடங்கியவர் கொஞ்சம் அதிகமாக இறங்குகிறார்.

```r
set.seed(7)
n <- 240
u <- rgamma(n, shape = 1.5, scale = 4)
s <- -0.08 * u + rnorm(n, 0, 0.5)
d <- data.frame(id = rep(1:n, each = 5), t = rep(0:4, n))
y <- u[d$id] + s[d$id] * d$t + rnorm(nrow(d), 0, 2)
d$phq <- pmin(27, pmax(0, round(y)))
```

இதன்மேல் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்பு மாடல்களை ஓட்டி `summarytable` போட்டுப் பாருங்கள். BIC ஒரு வகுப்போடு நிற்காது. வரும் கோடுகளையும் பாருங்கள்: பெரிய கூட்டம் ஒன்று கீழே தட்டையாக, சின்னக் கூட்டம் ஒன்று மேலே தொடங்கி வேகமாக இறங்குவதாக. 'தாங்கிக்கொள்பவர்கள்', 'கடுமையாக இருந்து தேறியவர்கள்' என்று பெயர் வைக்கக் கை பரபரக்கும். இந்தத் தரவில் அப்படி யாரும் இல்லை, மேலே உள்ள ஏழு வரிகள்தான் இருக்கின்றன.

பி.எச்.கியூ-9 போன்ற படிவங்களில் இது விதிவிலக்கே கிடையாது. மருத்துவமனைக்கு வெளியே திரட்டிய தரவில் பெரும்பாலானோர் 0 முதல் 4 வரை நெருக்கமாகக் கிடப்பார்கள், சிலர் மட்டும் 15, 20 என்று தூரத்தில் இருப்பார்கள். சுழியத்துக்குக் கீழே போக வழியில்லாததால் கீழே இருப்பவர்களின் கோடு தட்டையாகத்தான் வரும். அவர்கள் மன உறுதி மிக்கவர்கள் என்பதற்கு அது சான்று ஆகாது.

இதற்கு என்ன செய்வது? படிவத்தின் இந்த வடிவத்தை மாடலுக்குள்ளேயே கொண்டுவருவது ஒரு வழி. `lcmm` சார்பு, மதிப்பெண்ணுக்கும் அதன் பின்னாலுள்ள மறைமுக அளவுக்கும் இடையே வளைந்த தொடர்பை மதிப்பிடும்:

```r
k1 <- lcmm(phq ~ t, random = ~ t, subject = "id", ng = 1,
           link = "5-equi-splines", data = d)
k2 <- gridsearch(rep = 50, maxiter = 30, minit = k1,
        lcmm(phq ~ t, mixture = ~ t, random = ~ t,
             subject = "id", ng = 2,
             link = "5-equi-splines", data = d))
summarytable(m1, k1, k2)
```

முதலில் `m1`, `k1` இரண்டின் BIC-ஐ ஒப்பிடுங்கள். வகுப்பு எதுவும் கூட்டாமல், அளவுகோலை வளைத்ததாலேயே பெரிய முன்னேற்றம் வந்தால், நேர்கோட்டு மாடலில் வகுப்புகள் சுமந்துகொண்டிருந்த பாரம் எது என்று தெரிந்துவிடும். அடுத்து `k1`, `k2`. வளைத்த பிறகு இரண்டாவது வகுப்பின் தேவை குறைகிறதா, மறைகிறதா? மறைந்தால், முன்பு வந்த வகுப்புகள் படிவத்தின் வடிவம். நிலைத்து நின்றால் கூட்டங்கள் நிரூபணமாகிவிட்டன என்று சொல்லமாட்டேன். மிக எளிதான மாற்று விளக்கம் ஒன்று கழிந்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

பூட்ஸ்டிராப் சோதனை செய்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். வகுப்பின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க அது நல்ல கருவிதான். ஆனால் அதுவும் வகுப்புக்குள் மணி வடிவம் என்ற அதே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கை பிழை என்றால் சோதனையும் அதே பக்கம்தான் சாயும்.

## அறிகுறி: ஒன்றன்மேல் ஒன்றாக இணைகோடுகள்

தாழ்ந்தது, நடுவானது, உயர்ந்தது என்று மூன்று கோடுகள், கிட்டத்தட்ட ஒரே சரிவு. நான்காவது வகுப்பைக் கேட்டால் நடுவில் இன்னொரு கோடு வரும். ஐந்தாவதைக் கேட்டால் இன்னொன்று.

உங்கள் `random` என்ன சொல்கிறது என்று பாருங்கள். `random = ~ -1` என்று இருந்தாலோ, அதை எழுதாமலே விட்டிருந்தாலோ, வகுப்புக்குள் ஆளுக்கு ஆள் வேறுபாடே கிடையாது என்று மாடலிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே வகுப்பிலுள்ள எல்லாரும் ஒரே கோட்டில் போகிறார்கள், மீதியெல்லாம் அன்றன்றைய ஏற்றத்தாழ்வு. நேகின் 1999-இல் முன்வைத்த குழுப் பாதை மாடல் இந்த வகைதான். பிழையான மாடல் என்று சொல்லவில்லை. தொடர்ச்சியாகப் பரவிய ஒன்றைச் சில படிகளாக வெட்டிக் காட்டுவது அதன் வேலை, அதை அவ்வளவாகவே வாசிக்கவேண்டும். மஸ்ஜித் இந்தியாவில் சட்டைக் கடைக்குப் போனால் S, M, L என்று மூன்று அளவு தொங்கும், அதனால் ஊரில் மூன்று உயரத்தில்தான் ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

`random = ~ t` கொடுத்ததும் இந்த இணைகோடுகளில் பல ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். அடங்கினால் வகுப்புகளை இழந்துவிட்டதாகக் கவலைப்படவேண்டாம். ஆளுக்கு ஆள் உயரம் வேறு, பாதை ஒன்று என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. வகுப்புக்குள் சிதறல் உண்டு, சரி. அது எல்லா வகுப்புக்கும் ஒரே அளவா? `hlme` வழக்கமாக ஒரே அளவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். எம்பிளஸின் முன்னிருப்பும் அதுவே. `nwg = TRUE` என்று சேர்த்தால் அளவு வகுப்புக்கு வகுப்பு மாறலாம். நலமாக உள்ளவர்கள் நெருக்கமாக இருப்பார்கள், நோயுற்றவர்கள் பரந்து சிதறுவார்கள் என்பதுதானே நடைமுறை? அப்படியிருக்க ஒரே அளவு என்று கட்டிப்போட்டால், பரந்து கிடக்கும் கூட்டத்தை மூட ஒன்றுக்கு இரண்டு வகுப்பு தேவைப்படும், இல்லாவிட்டால் நலமான வகுப்பு அக்கம்பக்கத்தாரையும் இழுத்துக்கொண்டு பெரிதாகிவிடும்.

இது வெறும் கணக்குச் சண்டை என்று நினைக்கவேண்டாம். துணையை இழத்தல், மணமுறிவு, வேலையிழப்பு போன்றவற்றுக்குப் பிறகு பெரும்பாலானோர் நிலைகுலையாமல் இருக்கிறார்கள் என்ற முடிவு பல ஆய்வுகளில் வந்திருந்தது. 2016-இல் இன்ஃபர்னாவும் லூதரும் சிதறல் பற்றிய கட்டுப்பாடுகளைத் தளர்த்தி மறுபடி கணக்கிட்டபோது, நிலைகுலையாதவர்களின் விகிதம் பெரிதும் குறைந்தது. பழைய முடிவை முன்வைத்துவந்த பொனானோ தரப்பு அதை ஏற்கவில்லை, பதில் எழுதினார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். மனிதர்களைப் பற்றிய ஒரு பெரிய முடிவு, மாடலில் ஒரு சிதறலைக் கட்டிவைத்தோமா அவிழ்த்துவிட்டோமா என்பதில் அசைகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் ஆய்வேட்டில் மூன்று ஓட்டங்களையும் காட்டுங்கள்: வகுப்புக்குள் சிதறல் இல்லாதது, எல்லாவற்றுக்கும் பொதுவானது, வகுப்புக்கு வகுப்பு மாறுவது. மூன்றிலும் தாக்குப்பிடிக்கும் வகுப்பைப் பற்றித் துணிந்து பேசலாம். ஒன்றில் மட்டும் தலைகாட்டுவதைப் பற்றி அடக்கி வாசிக்கவேண்டும்.

## அறிகுறி: நடுவில் திடீரென்று ஏறும் ஒரு வகுப்பு

மேற்பார்வையாளர்களுக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. இரண்டு மாதம் நன்றாக இருந்து மூன்றாவதில் ஏறுகிறது, உடனே 'தாமதமாக மோசமாகிறவர்கள்' என்று ஒரு கோட்பாடே கிடைத்துவிடும்.

நாள்காட்டியைத் திறங்கள். மாடலில் நேரம் என்பது சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் மாதம். உலகத்துக்கு வேறு நேரம் ஓடுகிறது. நம் கற்பனை ஆய்வில் ஆட்களை 2019 செப்டம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. டிசம்பர் நடுவில் சேர்ந்தவருக்கு அந்த நாள் சரியாக மூன்றாம் மாதம். செப்டம்பரில் சேர்ந்தவர் ஐந்து வருகையையும் அதற்கு முன்பே முடித்துவிட்டார். இரண்டு பேரின் உள்ளமும் ஒரே மாதிரி இருந்தாலும் அவர்கள் இரண்டு வகுப்பில் விழுவார்கள்.

```r
cls <- m3$pprob[, c("id", "class")]
chk <- merge(cls, reg, by = "id")   # reg: id, start
table(format(chk$start, "%Y-%m"), chk$class)
```

ஏறும் வகுப்பின் ஆட்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் குவிந்திருந்தால் அது ஆளின் தன்மை கிடையாது, ஆண்டின் தன்மை. அப்போது நாள்காட்டித் தேதியை மாடலுக்குள் ஒரு மாறியாகச் சேர்த்துவிட்டு, வகுப்பு மீந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அதே இடத்தில் இன்னொன்றையும் விசாரியுங்கள். படிவம் நிரப்பிய முறை மாறியதா? மையத்துக்கு வந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் இப்போது தொலைபேசியில் கேட்கிறார்கள், பக்கத்தில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், ஒன்பதாவது கேள்விக்கு அவர் என்ன சொல்லுவார்? சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. மொழியும் அப்படியே. முதல் இரண்டு முறை மலாய்ப் படிவம், அப்புறம் தமிழ்ப் படிவம் என்றால், இரண்டும் ஒரே அளவுகோலாக நடந்துகொள்கின்றனவா என்று பார்க்காமல் ஏற்றத்தைப் பற்றிப் பேச முடியாது. இந்தத் தகவல்கள் தரவுக் கோப்பில் இருக்காது. மையத்தில் படிவம் வாங்கிய அக்காவிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

## அறிகுறி: மிக வேகமாகத் தேறும் வகுப்பு

இதற்குச் சோதனை சின்னது. வகுப்பு வாரியாக ஒருவர் சராசரியாக எத்தனை முறை வந்தார் என்று எண்ணுங்கள். வேகமாகத் தேறியவர்களில் பலர் இரண்டு முறை மட்டும் வந்து நின்றுவிட்டவர்கள் என்றால், மூன்றாம் மாதம் முதல் உள்ள கோடு அவர்கள் வாழ்ந்தது இல்லை, மாடல் நீட்டியது. தேறியதால் வராமல் போனார்களா, நொந்துபோய் வராமல் போனார்களா என்பது அந்தக் கோட்டில் தெரியாது. விட்டுப்போன வருகைகள் கண்ணுக்குத் தெரிந்த மதிப்பெண்களால் விளக்கப்படும் என்ற நம்பிக்கையில்தான் `hlme` ஓடுகிறது. வரைபடத்தில், ஆட்கள் குறைந்துபோகும் இடத்திலிருந்து கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, கீழே எத்தனை பேர் மிச்சம் என்று எழுதிவிடுவது நேர்மை.

## அறிகுறி: என்ட்ரோபி நன்றாக இருக்கிறது, அடுத்த ரிக்ரஷன் மட்டும் ஒட்டவில்லை

என்ட்ரோபி 0.8-க்கு மேல் வந்தால் மாடல் சரி என்ற ஒரு வாய்மொழி விதி ஊரெங்கும் உலவுகிறது. இந்த எண் சொல்வது ஒன்றுதான்: மாடல் உண்மை என்று வைத்துக்கொண்டால், ஆட்கள் வகுப்புகளுக்குள் எவ்வளவு தெளிவாகப் பிரிகிறார்கள். மாடல் உண்மையா என்று அது சொல்லாது. வகுப்புக்குள் சிதறலே இல்லாத மாடலில் எல்லா வேறுபாட்டையும் வகுப்புகளே விழுங்கிக்கொள்வதால், என்ட்ரோபி பெரும்பாலும் உயர்ந்தே வரும்.

சராசரி நன்றாக இருந்தாலும் தனி ஆளைப் பாருங்கள். ஒருவருக்கு நிகழ்தகவுகள் 0.51, 0.44, 0.05 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். `class` நிரலில் அவருக்கு நேராக 1 என்று மட்டும் இருக்கும். அந்த நிரலை எடுத்து எக்செலில் போட்டு, வகுப்பு 1-இல் யார் விழுகிறார்கள் என்று வயது, வருமானம் வைத்து ரிக்ரஷன் ஓட்டினால், அந்த 0.44 காணாமல் போகிறது. இப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் சேர்ந்தாலே தொடர்புகள் மங்கும், திட்டப்பிழைகள் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். `postprob(m3)` போட்டு, ஒவ்வொரு வகுப்பிலும் வைக்கப்பட்டவர்களுக்கு அந்த வகுப்பின் சராசரி நிகழ்தகவு எவ்வளவு என்று பாருங்கள். 0.7-க்குக் கீழே இருக்கும் வகுப்பை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டாம். அடுத்த கட்டத்துக்கு, வகைப்படுத்தும் பிழையைக் கணக்கில் எடுக்கும் மூன்று படி முறை வேண்டும். எம்பிளஸில் `R3STEP`, `BCH` என்பவை அதற்கானவை.

## அறிகுறி: முதல் வருகையிலேயே வகுப்பைச் சொல்லுங்கள் என்று மையம் கேட்கிறது

மாடல் சரியாக ஓடிய பிறகு வரும் கோரிக்கை இது. ஆய்வு முடிந்ததும் ஆலோசகர் கேட்பார்: "புதுசா ஒருத்தர் வர்றார், அவர் தேறாத வகுப்பா இல்லையான்னு உங்க மாடல் சொல்லுமா சார்?"

வகுப்புகளைப் பிரித்தது ஐந்து வருகையின் தரவு. முதல் நாளில் கையில் இருப்பது ஒரே ஓர் எண். அந்த ஓர் எண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்கலாம்:

```r
p0 <- predictClass(m3, newdata = subset(d, t == 0))
p2 <- predictClass(m3, newdata = subset(d, t <= 1))
```

முதல் வருகையை மட்டும் வைத்து வந்த வகுப்பை, ஐந்தையும் வைத்து வந்த வகுப்போடு குறுக்கு அட்டவணையில் போடுங்கள். இணையாக ஓடும் கோடுகள் என்றால் ஓரளவு பொருந்தும். ஆனால் அது முதல் நாள் மதிப்பெண்ணையே வேறு பெயரில் திருப்பிச் சொல்வதுதான். 12-இல் தொடங்கி ஒன்று இறங்கி ஒன்று நிற்கும் கோடுகள் என்றால், முதல் நாளில் இரண்டு வகுப்புக்கும் நிகழ்தகவு கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். பிரிவது இரண்டாம், மூன்றாம் வருகையில்தான். `p2` அட்டவணை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதையும் ஆலோசகரிடம் காட்டுங்கள். முதல் நாளே முத்திரை குத்துவதா, இரண்டாம் மாதம் கட்டாயம் வரவழைப்பதா என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.